சினாப்சிஸுக்கு முன்: துறை உங்கள் ஆய்வுக் கட்டுரையை எப்படிச் சரிபார்க்கிறது?

சிறுசேரி சிப்காட்டில் வாரம் முழுக்க மென்பொருள் வேலை, சனி ஞாயிறில் பிஎச்.டி. வேலை என்று இரண்டையும் இழுத்துச் செல்பவர்கள் உண்டு. படூர், காலவாக்கம், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை, காட்டாங்குளத்தூர், தாம்பரம் என்று சுற்றிலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வு மையக் கல்லூரிகளும் இருப்பதால் பகுதி நேரமாகப் பதிவு செய்வது எளிது. முடிப்பதுதான் கடினம். ஆய்வு முடிந்து, ஆய்வேட்டின் அத்தியாயங்களும் எழுதி முடித்த பிறகு, சினாப்சிஸ் கொடுக்கப் போகும் இடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வெளியிட்ட கட்டுரை 'செல்லாது' என்று துறை அலுவலகம் திருப்பிவிடுகிறது.

கட்டுரைகள் எத்தனை என்று எண்ணுவதோடு துறை நிற்பதில்லை. நான்கு கேள்விகளை வைத்து ஒவ்வொரு கட்டுரையையும் பார்க்கிறது. இதழ் உண்மையானதா? கட்டுரை வெளிவந்த நாளில் அது பட்டியலில் இருந்ததா? கட்டுரை உங்களுடையதுதானா? இன்றைக்கும் அது நிற்கிறதா? இந்த நான்கையும் நீங்களே, பெரும்பாலும் பணம் செலவழிக்காமல், கட்டுரையை அனுப்பும் முன்பே பார்த்துவிடலாம். அதற்கான வழிதான் இந்தக் கட்டுரை.

முதலில், எந்த விதி உங்களுக்கு?

பிஎச்.டி.க்குக் கட்டுரை வேண்டுமா வேண்டாமா என்பதில் யு.ஜி.சி. மூன்று முறை மாறியிருக்கிறது. 2009 ஒழுங்குமுறைப்படி, ஆய்வேட்டை மதிப்பீட்டுக்குக் கொடுக்கும் முன் நடுவர் பரிசீலனை உள்ள ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும், அல்லது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். 2016 ஒழுங்குமுறை அந்த ஒரு கட்டுரையோடு கருத்தரங்குகளில் இரண்டு முறை ஆய்வை வாசித்திருக்க வேண்டும் என்றும் சேர்த்தது. 2022 நவம்பர் 7 அன்று வந்த புதிய ஒழுங்குமுறை, கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது.

இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு 'இனிமேல் பேப்பர் தேவையில்லையாம்' என்று நிம்மதி அடைபவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, புதிய ஒழுங்குமுறை வருவதற்கு முன் பதிவு செய்தவர்களுக்கு அவர்கள் பதிவு செய்த காலத்து விதியே பொருந்தும். இரண்டு, யு.ஜி.சி. சொல்வது குறைந்தபட்ச அளவு மட்டுமே. அதற்கு மேல் நிபந்தனை வைக்கப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை உண்டு; பல பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றன. எத்தனை கட்டுரை, எந்தப் பட்டியலில் உள்ள இதழ், நீங்கள் முதல் ஆசிரியராக இருக்க வேண்டுமா என்பதெல்லாம் உங்கள் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. ஒழுங்குமுறையில்தான் இருக்கும்.

எனவே முதல் வேலை, நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்குரிய ஒழுங்குமுறையைப் பிடிஎஃப்-ஆக இறக்கி வைத்துக்கொள்வது. இணையதளத்தில் புதியது ஏறும்போது பழையது காணாமல் போய்விடும். பதிவுக் கடிதத்தோடு அதையும் சேர்த்து வையுங்கள். சீனியர் சொன்னது, வாட்ஸ்அப் குழுவில் வந்தது, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நண்பர் சொன்னது எதுவும் உங்கள் விதி ஆகாது.

யு.ஜி.சி. கேர் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 முதல் அதில் உள்ள இதழா என்று பார்ப்பதே வழக்கமாக இருந்தது. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலை நிறுத்துவதாக யு.ஜி.சி. அறிவித்தது. நல்ல இதழைத் தேர்ந்தெடுக்க உதவும் அளவுகோல்களை மட்டும் முன்வைத்து, முடிவெடுக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. ஆகவே 'கேர் லிஸ்ட்டில் இருக்கிறது' என்று இனி எங்கேயாவது விளம்பரம் கண்டால், அந்தச் சொல் எந்த ஆண்டுக்குரியது என்று கேளுங்கள்.

கேள்வி ஒன்று: இதழ் உண்மையானதா?

போலி இதழ் என்றால் பெயர் தெரியாத இதழ் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதைவிட ஆபத்தானது நகல் இதழ். நல்ல பெயருள்ள, ஸ்கோபஸில் இருக்கும் ஓர் இதழின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணையும் அப்படியே எடுத்துக்கொண்டு வேறொரு இணையதளம் தொடங்குவார்கள். நீங்கள் ஸ்கோபஸில் பெயரைத் தேடினால் இதழ் இருக்கும். நீங்கள் பணம் கட்டிக் கட்டுரை அனுப்பிய தளம் மட்டும் அந்த இதழுடையதாக இருக்காது. இப்படிக் கடத்தப்பட்ட இதழ்களுக்கென்றே 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' தளம் 2022 முதல் ஒரு பட்டியலைப் பராமரித்துவருகிறது.

துறையில் இதைச் சரிபார்ப்பவர் பெரும்பாலும் நூலகரோ ஆய்வு ஒருங்கிணைப்பாளரோதான். அவர் செய்வதையே நீங்களும் செய்யலாம். portal.issn.org தளத்தில் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை இட்டு, வரும் பெயரும் வெளியீட்டு நாடும் இதழின் தளத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். scopus.com/sources பக்கத்தில் இதழைத் தேடி, பதிப்பகத்தின் பெயரை ஒப்பிடுங்கள். இதழின் தளத்துக்குக் கூகுள் வழியாகப் போகாமல், பதிப்பகத்தின் முகப்புப் பக்கத்திலிருந்து உள்ளே போய்ப் பாருங்கள். பதிப்பகத்தின் இதழ் வரிசையில் உங்கள் இதழ் இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

கட்டுரை வெளிவந்த பிறகு டி.ஓ.ஐ. எண்ணைச் சோதிக்க வேண்டும். முகவரிப் பட்டையில் இப்படித் தட்டுங்கள்:

```
https://doi.org/உங்கள்-கட்டுரையின்-DOI
```

அது பதிப்பகத்தின் பக்கத்துக்கே போய்ச் சேர வேண்டும். வேறு எங்காவது போனாலோ, எண்ணே கிடைக்கவில்லை என்று வந்தாலோ, அந்தக் கட்டுரையைத் துறை ஏற்காது. ஏற்கவும் கூடாது.

கேள்வி இரண்டு: அன்றைக்குப் பட்டியலில் இருந்ததா?

இதழ் இன்று பட்டியலில் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. கட்டுரை வெளிவந்த நாளில் இருந்ததா என்பது வேறு கேள்வி. துறைக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டாவதுக்கான பதில். ஸ்கோபஸின் மூலப் பட்டியலில் ஒவ்வோர் இதழுக்கும் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். நிறுத்தப்பட்ட இதழ் என்றால் அங்கேயே எழுதியிருக்கும். நிறுத்துவதற்கு முன் ஏறிய கட்டுரைகள் பொதுவாக அப்படியே இருக்கும். அதற்குப் பின் வந்தவை ஏறாது.

இங்கே வழக்கமாக மூன்று இடத்தில் சறுக்குகிறார்கள். முதலாவது, இதழ் ஸ்கோபஸில் இருப்பதும் உங்கள் கட்டுரை ஸ்கோபஸில் ஏறியிருப்பதும் வேறு வேறு. கட்டுரை வெளிவந்து அங்கே தெரிய வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். சினாப்சிஸ் தேதியைக் கட்டுரை வெளிவரும் வாரத்திலேயே வைத்துக்கொண்டால் சிக்கல்தான்.

இரண்டாவது, வெப் ஆஃப் சயின்ஸுக்குள்ளேயே பிரிவுகள் உண்டு. பல்கலைக்கழகம் 'எஸ்.சி.ஐ.இ.' என்று கேட்கும்போது 'இ.எஸ்.சி.ஐ.' பிரிவில் உள்ள இதழைக் காட்டினால் செல்லாமல் போகலாம். 2023 முதல் இ.எஸ்.சி.ஐ. இதழ்களுக்கும் இம்பேக்ட் ஃபேக்டர் தரப்படுவதால் இந்தக் குழப்பம் அதிகமாகிவிட்டது. இம்பேக்ட் ஃபேக்டர் இருக்கிறது என்பதை வைத்து எந்தப் பிரிவு என்று முடிவு செய்யாதீர்கள். mjl.clarivate.com தளத்தில் இதழின் பெயரை இட்டால் எந்தப் பிரிவு என்று தெளிவாகக் காட்டும்.

மூன்றாவது, கருத்தரங்கத் தொகுதிகள். ஸ்பிரிங்கரின் 'லெக்சர் நோட்ஸ்' வரிசையில் வரும் கட்டுரை ஸ்கோபஸில் இருக்கும். ஆனால் அங்கே அது நூல் வரிசை என்றே பதிவாகியிருக்கும். 'இரண்டு ஜர்னல் பேப்பர்' என்று விதி கேட்டால் அது கணக்கில் வராது.

இவற்றுக்கெல்லாம் ஒரே தற்காப்பு, கட்டுரையை அனுப்பும் நாளிலும் அது வெளியாகும் நாளிலும் அந்தப் பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப்-ஆகச் சேமிப்பது. மூன்று ஆண்டுகள் கழித்து, 'அப்போது இருந்தது சார்' என்று வாயால் சொல்வதை விட அந்தத் தாள் பேசும்.

கேள்வி மூன்று: கட்டுரை உங்களுடையதா?

இந்தக் கேள்வியில் தமிழ்நாட்டு ஆய்வாளர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. அது நம் பெயர். பதிவேட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும். இதழின் இணையப் படிவம் 'கடைசிப் பெயர்' கேட்கும். ஒருமுறை இனிஷியலைக் கடைசிப் பெயராக இடுவோம், அடுத்த முறை அப்பாவின் பெயரை முழுதாக இடுவோம், மூன்றாம் முறை நெறியாளரின் மாணவர் ஒருவர் நமக்காக இட்டிருப்பார். விளைவு, ஸ்கோபஸில் ஒரே ஆளுக்கு மூன்று ஆசிரியர் பக்கங்கள். அல்லது இரண்டு செந்தில்குமார்கள் ஒரே பக்கத்தில். துறை உங்கள் பெயரைத் தேடும்போது கட்டுரை கிடைக்காது, அல்லது வேறொருவரின் கட்டுரை உங்கள் பெயரில் வந்து நிற்கும்.

பதிவு செய்த உடனேயே ஓர்கிட் எண் எடுத்துவிடுங்கள், அது இலவசம். எல்லா இதழ்களுக்கும் பெயரை ஒரே வடிவில் கொடுங்கள். அந்த வடிவம் பதிவுக் கடிதத்தில் உள்ளதோடு அடையாளம் காணும்படி இருக்கட்டும். பக்கங்கள் ஏற்கெனவே சிதறிவிட்டிருந்தால், அவற்றை ஒன்றாக்கவோ பிரிக்கவோ கேட்கும் வசதி ஸ்கோபஸிலேயே இருக்கிறது. திருத்தம் நடக்கச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் சினாப்சிஸுக்கு நெருக்கத்தில் தொடங்காதீர்கள்.

அடுத்தது நிறுவன முகவரி. சிப்காட்டில் வேலை செய்யும் பகுதி நேர ஆய்வாளர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். கட்டுரையில் பெயருக்குக் கீழே அலுவலகத்தின் பெயரை மட்டும் போட்டுவிடுகிறார்கள். பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் பெயர் கட்டுரையில் இல்லை என்றால், அதைத் தன் ஆய்வாளரின் கட்டுரை என்று எந்தத் துறையும் கணக்கில் எடுக்கத் தயங்கும். பல்கலைக்கழகத் துறை அல்லது ஆய்வு மையக் கல்லூரி முதலில், அலுவலகம் இரண்டாவதாக என்று இரண்டு முகவரிகளும் இருப்பது நல்லது. பல்கலைக்கழகத்தின் பெயரை எந்த வடிவில் எழுத வேண்டும் என்பதற்கும் பல இடங்களில் விதி உண்டு. அச்சுப்படி திருத்தத்துக்கு வரும் நாள்வரை இதைச் சரிசெய்வது சுலபம். வெளிவந்த பிறகு, பதிப்பாசிரியருக்கு எழுதித் திருத்த அறிவிப்பு வாங்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், மறுக்கவும் கூடும்.

அலுவலகப் பக்கமும் ஒரு கதவு இருக்கிறது. பகுதி நேரப் பிஎச்.டி.க்கு நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று வாங்கியிருப்பீர்கள். அது படிக்கத் தரப்பட்ட அனுமதி, வெளியிடத் தரப்பட்டதாகாது. நிறுவனத்தின் தரவையோ நிரலையோ பயன்படுத்தியிருந்தால், கட்டுரை அனுப்பும் முன் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும் என்று பணி ஒப்பந்தங்களில் இருப்பது வழக்கம். ஏற்கப்பட்ட பிறகு கட்டுரையைத் திரும்பப் பெறும் நிலை வந்தால் இரண்டு இடத்திலும் பெயர் கெடும்.

கடைசியாக, ஒரே கட்டுரையை இரண்டு பேர் தம் ஆய்வேட்டுக்குக் காட்டுவது. ஒரே நெறியாளரிடம் உள்ள இரு ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதினால் இது நடக்கும். பல துறைகள் இணை ஆசிரியர்களிடம், 'இக்கட்டுரையை வேறு எந்தப் பட்டத்துக்கும் நாங்கள் பயன்படுத்தவில்லை' என்று கையொப்பம் கேட்கின்றன. கட்டுரை எழுதும் நாளிலேயே யார் எதைக் காட்டுவது என்று பேசி, மின்னஞ்சலில் எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி நான்கு: இன்றைக்கும் நிற்கிறதா?

வெளிவந்த கட்டுரை திரும்பப் பெறப்படலாம் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. 2023 இதைப் புரியவைத்தது. வைலி நிறுவனத்துக்குச் சொந்தமான ஹிந்தாவி பதிப்பகம் அந்த ஓர் ஆண்டில் மட்டும் 8000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலானவை சிறப்பிதழ்களில் வந்தவை. அவற்றின் நடுவர் பரிசீலனை போலியாக நடந்தது என்றும், கட்டுரைகளைக் கூலிக்கு எழுதித் தரும் கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது என்றும் தெரியவந்தது. அதே ஆண்டு மார்ச்சில் அந்தப் பதிப்பகத்தின் 19 இதழ்கள் வெப் ஆஃப் சயின்ஸிலிருந்து நீக்கப்பட்டன. ஆண்டு முடியும்போது ஹிந்தாவி என்ற பெயரையே கைவிடப் போவதாக வைலி அறிவித்தது.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரையின் பக்கத்தில் தலைப்புக்கு முன் RETRACTED என்று பெரிய எழுத்தில் வந்துவிடும். எழுதியவருக்கு எப்போதும் தெரியும் என்று சொல்ல முடியாது. தொடர்புக்கு உரிய ஆசிரியராக நெறியாளரின் பழைய மின்னஞ்சல் இருந்தால் அறிவிப்பு அங்கே போய்க் கிடக்கும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தைக் கிராஸ்ரெஃப் அமைப்பு 2023-இல் வாங்கி எல்லாருக்கும் திறந்துவிட்டதால், துறைகளுக்கு இப்போது இதைப் பார்ப்பது எளிது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது உங்கள் டி.ஓ.ஐ. பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

சிறப்பிதழ் எல்லாமே தவறு என்பதில்லை. கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. அனுப்பிய சில நாட்களில் ஏற்பு வருவது. நடுவர் குறிப்புகள் இல்லாமல் வருவது, அல்லது உங்கள் கட்டுரைக்குத் தொடர்பே இல்லாமல் 'இந்தப் பத்துக் கட்டுரைகளையும் மேற்கோள் காட்டவும்' என்று மட்டும் சொல்வது. இதழின் எல்லைக்குச் சம்பந்தமில்லாத தலைப்புகள் ஒரே இதழில் குவிந்திருப்பது. இடைத்தரகர் ஒருவர் 'ஏற்பு உறுதி' என்று விலை சொல்வது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விலகிவிடுங்கள்.

ஒரு கோப்பைத் திறந்து பார்ப்போம்

கற்பனையான ஓர் ஆய்வாளரை எடுத்துக்கொள்வோம். 2021 ஜூலையில் கணினி அறிவியலில் பகுதி நேரமாகப் பதிவு செய்தவர். ஆகவே அவருக்கு 2016 ஒழுங்குமுறை. அவருடைய பல்கலைக்கழகம் அதற்கு மேல், ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயின்ஸில் உள்ள இதழ்களில் இரண்டு கட்டுரைகள், இரண்டிலும் முதல் ஆசிரியர், பல்கலைக்கழக முகவரி கட்டாயம் என்று கேட்கிறது. 2026 ஜனவரியில் சினாப்சிஸ் கொடுக்க நினைக்கிறார்.

முதல் கட்டுரை 2022 மே மாதம் ஒரு சிறப்பிதழில் வந்தது. அந்த இதழ் 2023 மார்ச்சில் வெப் ஆஃப் சயின்ஸிலிருந்து நீக்கப்பட்டது. கட்டுரை போயிற்றா? நீக்கப்பட்டதால் மட்டும் போகவில்லை. வெளிவந்த நாளில் இதழ் பட்டியலில் இருந்தது, கட்டுரையும் ஏறியிருந்தது. சேமித்த பக்கத்தையும் வெப் ஆஃப் சயின்ஸ் பதிவையும் காட்டினால் துறை ஏற்க இடமுண்டு. ஆனால் அதே கட்டுரை 2023 இறுதியில் திரும்பப் பெறப்பட்டிருந்தால் கதை முடிந்தது. எந்தப் பட்டியலும் அதைக் காப்பாற்றாது. அந்தக் கட்டுரையை நம்பி எழுதிய அத்தியாயத்தையும் ஆலோசனைக் குழு மறுபடி பார்க்கும்.

இரண்டாவது கட்டுரை 2025 செப்டம்பரில் ஏற்கப்பட்டு, அக்டோபரில் டி.ஓ.ஐ.யோடு இணையத்தில் வந்துவிட்டது. இதழ், பட்டியல், பெயர் எல்லாம் சரி. முகவரியில் சிறுசேரி அலுவலகம் மட்டும். இது இப்போதைக்குச் செல்லாது. பதிப்பாசிரியருக்குத் திருத்தம் கேட்டு எழுத வேண்டும். பதிவுக் கடிதத்தின் நகலை இணைத்தால் கோரிக்கைக்கு வலு வரும். பதில் வரும்வரை சினாப்சிஸ் தள்ளிப்போகும்.

கருத்தரங்குகள் இரண்டு. ஒன்றில் சான்றிதழ் சரியாக இருக்கிறது. மற்றொன்றில் மேடையேறி வாசித்தவர் இணை ஆசிரியர். சான்றிதழும் அவர் பெயரில். கட்டுரையில் பெயர் இருப்பதும் வாசித்ததும் ஒன்றாகாது. இவர் இன்னொரு கருத்தரங்கில் வாசித்தே ஆக வேண்டும்.

இவரிடம் எவ்வளவு காலம் இருக்கிறது? 2016 ஒழுங்குமுறைப்படி பதிவிலிருந்து ஆறு ஆண்டுகள், அதாவது 2027 ஜூலை. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் கொண்டவர்களுக்கும் இரண்டு ஆண்டுகள் சலுகை உண்டு. முதல் கட்டுரை பிழைத்திருந்தால், முகவரித் திருத்தத்துக்கும் ஒரு கருத்தரங்குக்கும் ஆறு மாதம் ஒதுக்கினால் போதும். திரும்பப் பெறப்பட்டிருந்தால், புதிய கட்டுரையை 2026 நடுவில் அனுப்பி, 2027 தொடக்கத்தில் ஏற்பு கிடைத்து, அது பட்டியலில் ஏறும்வரை காத்திருந்து, கெடு முடியும் தறுவாயில் சினாப்சிஸ் கொடுக்க வேண்டியிருக்கும். முடியும், ஆனால் ஒரே ஒரு நிராகரிப்பு வந்தாலும் முடியாது. எனவே அவர் அதே வாரத்தில் நெறியாளரோடு உட்கார்ந்து, கால நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டிய தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாத் துறைக்கும் ஒரே அளவா?

சிறுசேரி சிப்காட்டுக்குள்ளேயே சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது. கணிதமும் கோட்பாட்டுக் கணினி அறிவியலும் நடக்கும் இடம். பொறியியலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகள் இந்தத் துறைகளில் எங்கே இடறும் என்று தெரிந்துகொள்வது, எந்தப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பவருக்கும் உதவும்.

கணிதத்தில் ஆசிரியர்களின் பெயரை அகர வரிசையில் எழுதுவதே மரபு. யார் அதிகம் உழைத்தார் என்பதை வரிசை சொல்லாது. 'முதல் ஆசிரியர்' விதி அங்கே வந்தால், ஆங்கில வரிசையில் V-யில் தொடங்கும் பெயர்க்காரர் பெரும்பாலும் கடைசிதான். கணித இதழ்களில் நடுவர் பரிசீலனை ஓராண்டைத் தாண்டுவதும் சாதாரணம். ஒவ்வொரு நிரூபணத்தையும் வரி வரியாகப் பார்க்க அவ்வளவு காலம் வேண்டும். கோட்பாட்டுக் கணினி அறிவியலில் முக்கியமான முடிவுகள் முதலில் கருத்தரங்குகளில்தான் வரும். இந்தியாவில் ஆண்டுதோறும் நடக்கும் எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ். அப்படிப்பட்ட ஒன்று, அங்கே ஒவ்வொரு கட்டுரையையும் நடுவர்கள் பரிசீலிக்கிறார்கள். 'ஜர்னல் மட்டும்' என்ற விதி அதைக் கணக்கில் எடுக்காது.

இந்தத் துறைகளில் இருப்பவர்கள் சினாப்சிஸ் நாளில் வாதாடிப் பயனில்லை. முதல் அல்லது இரண்டாம் ஆலோசனைக் குழுக் கூட்டத்திலேயே கேளுங்கள்: அகர வரிசையில் பெயர் வந்தால் முதல் ஆசிரியராக ஏற்பீர்களா, இந்தக் கருத்தரங்கத் தொகுதி செல்லுமா, ஏற்புக் கடிதம் போதுமா? குழு ஒப்புக்கொண்டால் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். ஆராய்ச்சிப் பிரிவின் ஒப்புதலும் தேவைப்படும் என்றால் அப்போதே அனுப்பச் சொல்லுங்கள். கூட்டக் குறிப்பில் ஏறாத வாய்மொழிச் சம்மதம், நெறியாளர் ஓய்வுபெற்றாலோ ஒருங்கிணைப்பாளர் மாறினாலோ காணாமல் போய்விடும்.

கட்டுரை ஆய்வேட்டுக்குள் வரும்போது

வெளியிட்ட கட்டுரையே ஆய்வேட்டின் அத்தியாயமாகும்போது வேறொரு சோதனை வருகிறது. ஆய்வேட்டை ஒப்புமை மென்பொருளில் போட்டால், உங்கள் கட்டுரையையே மூலமாகக் காட்டி விகிதத்தை ஏற்றிவிடும். 2018-இல் வந்த யு.ஜி.சி. ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டு கொடுக்கவே முடியாது. அதற்கு மேல் போனால் பதிவே ரத்தாகும்.

சொந்தக் கட்டுரையைத் தவிர்த்து விகிதம் எடுக்கப் பல துறைகள் அனுமதிக்கின்றன. அதற்கு நெறியாளரின் சான்றும், எந்தக் கட்டுரை எந்த அத்தியாயத்தில் வருகிறது என்ற பட்டியலும் கேட்பார்கள். அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே 'இதன் பகுதிகள் இந்த இதழில் வெளிவந்தவை' என்று எழுதிவிடுங்கள். மென்பொருள் அறிக்கையை இரண்டாக எடுத்து வையுங்கள்: சொந்தக் கட்டுரையோடு ஒன்று, அதை விலக்கி ஒன்று.

இதே இடத்தில்தான் துறை இன்னொன்றையும் பார்க்கிறது. கட்டுரை ஆய்வேட்டின் பொருளோடு சேர்ந்ததா? கட்டுரை எண்ணிக்கைக்காக வேறொருவரின் வேலையில் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தால் அத்தியாயப் பட்டியலில் அது உட்கார இடம் இருக்காது. அதை மறைக்க முடியாது. வைவாவில் அதிலிருந்தே கேள்வி வரும்.

கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக ஓர் உறை போடுங்கள், கணினியிலும் காகிதத்திலும். அனுப்பிய நாளின் ஒப்புகை, நடுவர்களின் குறிப்புகள், நீங்கள் எழுதிய பதில், ஏற்புக் கடிதம், அச்சான வடிவம், தேதியோடு சேமித்த பட்டியல் பக்கம், இணை ஆசிரியர்களின் சம்மதம், கட்டணம் கட்டியிருந்தால் ரசீது ஆகியவை போதும். இவற்றில் நடுவர் குறிப்புகளைத்தான் பலரும் தொலைத்துவிடுகிறார்கள். இதழில் உண்மையான பரிசீலனை நடந்ததா என்ற சந்தேகம் எழும்போது துறைக்கு நீங்கள் காட்டக்கூடிய வலுவான சான்று அதுதான்.

ஏற்புக் கடிதத்தை மட்டும் காட்டினால் துறை இதழுக்கே மின்னஞ்சல் அனுப்பி உறுதி கேட்கலாம், அல்லது உங்களை உட்காரவைத்து இதழின் தளத்தில் உள்நுழைந்து கட்டுரையின் நிலையைக் காட்டச் சொல்லலாம். கடிதங்களைப் போலியாகத் தயாரிப்பவர்கள் இருப்பதால் இது நடக்கிறது. இதில் அவமானம் ஒன்றும் இல்லை. இதழின் தளத்துக்கான கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும், நண்பருடையதில் வேண்டாம். வேலை மாறினால் போய்விடும் அலுவலக மின்னஞ்சலும் வேண்டாம்.

நினைத்திருக்கும் சினாப்சிஸ் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பட்டியலில் ஏறவும் பெயர், முகவரித் திருத்தங்களுக்கும் ஆறு மாதம். அதற்கு முன் பரிசீலனைக்குப் பொறியியலில் ஒன்பது மாதமாவது, கணிதத்தில் ஒன்றரை ஆண்டு. அதற்கு முன் ஒரு நிராகரிப்புக்கு இடம். அப்படி எண்ணிவரும்போது கிடைக்கும் தேதிதான் உங்கள் கடைசிக் கட்டுரை கையைவிட்டுப் போக வேண்டிய நாள். அடுத்த ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது அந்தத் தேதியையும் நான்கு கேள்விகளுக்கான விடைகளையும் ஒரே தாளில் எழுதிக் குழுவிடம் கொடுத்து, கூட்டக் குறிப்போடு இணைக்கச் சொல்லுங்கள்.